எம்.ஐ.ஆர்.ஆர். கணக்கில் இரண்டு வட்டிகள்: எதை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: திருச்செங்கோட்டில் கூட்டு நிறுவனமாகப் போர்வெல் தொழில் செய்கிறோம். புதிய ரிக் வண்டி ஒன்றுக்கு 120 லட்சம் ஆகும். கடன் தவணை, வட்டி எதையும் கழிக்காமல், வருமான வரி மட்டும் கழித்துப் பார்த்தால் வருடவாரியாகக் கையில் நிற்பது (லட்சத்தில்) 50, 55, 45; நான்காம் வருடம் என்ஜினும் கம்ப்ரசரும் பிரித்து வேலை பார்க்க வேண்டியிருப்பதால் −15; பிறகு 40, 45. கடைசி 45-இல் வண்டியை விற்று வரும் 20 அடக்கம். ஆடிட்டர் ஐ.ஆர்.ஆர். 23.7% என்கிறார். எக்செல்லில் எம்.ஐ.ஆர்.ஆர். போட்டேன்; கடன் வட்டி 11%, டெபாசிட் வட்டி 7% கொடுத்தால் 14% வருகிறது. எது சரி? அந்த இரண்டு வட்டிகளுக்கு நான் கொடுத்த எண்கள் சரியா?

பதில்:

இரண்டு எண்களும் கணக்கில் சரி. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். நீங்கள் கொடுத்த இரண்டு வட்டிகளில்தான் திருத்தம் தேவை. அதைச் சரிசெய்தால் 14 இன்னும் இறங்கும்.

23.7% என்பது, எந்த நேரத்திலும் வண்டிக்குள் இன்னும் முடங்கிக் கிடக்கும் பணம் சம்பாதிக்கும் வீதம். முதல் வருடம் 50 லட்சம் கையில் வந்ததும் அந்தப் பணம் வண்டியை விட்டு வெளியேறிவிட்டது. அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று ஐ.ஆர்.ஆர். கேட்பதே இல்லை. "வந்த பணத்தை அதே 23.7 சதவீதத்துக்கு மறுபடி முதலீடு செய்வதாக ஐ.ஆர்.ஆர். வைத்துக்கொள்கிறது" என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். எனக்கு அந்த வாசகம் பிடிப்பதில்லை. சமன்பாட்டில் அப்படி எதுவும் கிடையாது. தவறு நடப்பது நம் வாயில்: "120 லட்சம் ஆறு வருடம் 23.7 சதவீதத்தில் வளரும்" என்று சொல்லும் கணத்தில்தான். அப்படி உண்மையிலேயே வளர்ந்தால் ஆறாம் வருட முடிவில் சுமார் 431 லட்சம் இருக்க வேண்டும். உங்கள் வண்டி ஆறு வருடத்தில் கொண்டுவரும் வரவுகளைக் கூட்டினால் 235 லட்சம்தான். மீதிப் பணம் வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

அந்த "வேறு எங்கிருந்து" என்பதை வெளிப்படையாகச் சொல்ல வைப்பதுதான் எம்.ஐ.ஆர்.ஆர். அதன் வேலை மூன்றே அடி. வரவு வந்த வருடங்களை எல்லாம், நீங்கள் 7 கொடுத்த மறுமுதலீட்டு வட்டியில் வளர்த்து ஆறாம் வருட முடிவுக்குக் கொண்டுபோகிறது. செலவு வருடங்களை எல்லாம், நீங்கள் 11 கொடுத்த நிதி வட்டியில் சுருக்கி இன்றைக்குக் கொண்டுவருகிறது. பிறகு இன்றைய அந்த ஒரு தொகை, ஆறு வருடத்தில் அந்த ஒரு தொகையாக மாற ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர வேண்டும் என்று பார்க்கிறது. இடையில் என்ன நடந்தாலும், கடைசியில் நிற்பது இரண்டு தொகைகளும் ஒரு ஆறாம் மூலமும்தான். இரண்டு வட்டிகளுக்கும் 23.74% கொடுத்துப் பாருங்கள், ஐ.ஆர்.ஆர். அப்படியே திரும்பி வரும். உங்கள் எக்செல் தாள் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க நல்ல வழி அது.

இப்போது முதல் திருத்தம், வரி. உங்கள் பண வரவுகள் வரி போக உள்ளவை. ஆனால் நீங்கள் கொடுத்த 11-ம் 7-ம் வரிக்கு முந்தையவை. கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2% (வருமானம் ஒரு கோடிக்குள் இருந்தால்). ஆக 7 சதவீத டெபாசிட்டில் உங்களுக்கு நிற்பது 4.8 சதவீதம். 11 சதவீதக் கடன் வட்டி செலவாகக் கழிவதால், அதன் நிகரச் சுமை சுமார் 7.6 சதவீதம். B2-இல் −120 தொடங்கி B8-இல் கடைசி 45 வரை வரிசையாக இருந்தால்:

```
=MIRR(B2:B8, 7.6%, 4.8%)
```

கையாலும் செய்து பார்த்துவிடலாம், ஒருமுறை செய்தால் பிறகு மறக்காது. 4.8 சதவீதத்தில் முதல் வருட 50 ஐந்து வருடம் வளர்ந்து 63.21, இரண்டாம் வருட 55 நான்கு வருடம் வளர்ந்து 66.34, மூன்றாம் வருட 45 மூன்று வருடத்தில் 51.80, ஐந்தாம் வருட 40 ஒரு வருடத்தில் 41.92, கடைசி 45 அப்படியே. கூட்டினால் 268.27 லட்சம். செலவுப் பக்கம் 120-உடன், நான்காம் வருட 15 லட்சத்தின் இன்றைய மதிப்பு 11.19 சேர்ந்து 131.19. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 2.045, அதன் ஆறாம் மூலம் 1.127. அதாவது 12.7%.

வங்கியில் கேட்டால் நான் சொல்லக்கூடிய எண் இது. ஆனால் அதற்கு முன் இரண்டு வட்டிகளையும் இன்னும் கொஞ்சம் கிளற வேண்டும்.

மறுமுதலீட்டு வட்டியைப் பற்றிப் பேசும்போது பலரும் "சந்தையில் என்ன கிடைக்கும்" என்று யோசிக்கிறார்கள். கேட்க வேண்டியது அதுவல்ல. உங்கள் நிறுவனத்தில் ஒரு வண்டியின் வசூல் வந்தால் அந்தப் பணம் மறுநாள் எங்கே போய் உட்காருகிறது? போன மூன்று வருட வங்கிக் கணக்கைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். டெபாசிட்டில் போடுகிறீர்கள் என்றால் 4.8. ஆனால் உங்களுக்கு ஓ.டி. கணக்கு இருந்து, அதில் எப்போதும் நிலுவை நின்றுகொண்டிருந்தால், வந்த பணம் அந்த நிலுவையைத்தான் குறைக்கிறது. அப்போது மறுமுதலீட்டு வட்டி என்பது நீங்கள் மிச்சப்படுத்தும் ஓ.டி. வட்டி. 10.5 சதவீத ஓ.டி. என்றால் வரி போக 7.2, எம்.ஐ.ஆர்.ஆர். 13.9 ஆகிறது. பணம் வட்டியில்லா நடப்புக் கணக்கிலேயே கிடந்தால் மறுமுதலீட்டு வட்டி 0, விடை 10.2. அதே வண்டி, அதே டீசல், அதே ஆட்கள். பணம் கிடக்கும் இடம் மட்டும் மாறியதில் கிட்டத்தட்ட நான்கு சதவீதப் புள்ளிகள் நகர்ந்துவிட்டன.

"வந்த பணத்தை அடுத்த ரிக் வண்டியில் போடுவோம், அதுவும் 23 சதவீதம் தரும், அதனால் மறுமுதலீட்டு வட்டி 23" என்று சிலர் வாதிடுவார்கள். உங்கள் ஊரில் இது இன்னும் அதிகம் கேட்கும். அடுத்த வண்டி அதன் சொந்தக் கணக்கில் நிற்கட்டும். அது சம்பாதிக்கப் போவதை இந்த வண்டியின் வரவில் ஏற்றினால், சுமாரான வண்டியும் நல்ல வண்டியாகத் தெரியும். 50 லட்சம் வந்த நாளில் 120 லட்ச வண்டியை வாங்கவும் முடியாது. சேரும் வரை அது எங்கோ காத்திருக்கத்தான் வேண்டும், அந்தக் காத்திருக்கும் இடத்தின் வட்டியே இங்கே செல்லும்.

இனி நிதி வட்டி. இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்களும் வண்டிக்கு வாங்கும் கடனின் வட்டி என்று நினைத்துத்தான் 11 கொடுத்திருப்பீர்கள். உண்மையில் அந்த 120 லட்சத்தை இந்த வட்டி தொடுவதே இல்லை. அது இன்றைக்கே போகும் பணம். சுருக்குவதற்கு வருடம் ஏதும் இல்லை. நிதி வட்டி தொடுவது நான்காம் வருட −15-ஐ மட்டும். நடுவில் செலவு வருடமே இல்லாத திட்டத்தில் நிதி வட்டிக்கு 1 கொடுத்தாலும் 50 கொடுத்தாலும் விடை நகராது.

அடுத்து இதைப் பாருங்கள். மறுமுதலீட்டை 4.8-லேயே நிறுத்தி, நிதி வட்டியை மட்டும் மாற்றுகிறேன். 0 கொடுத்தால் 12.1, 7.6 கொடுத்தால் 12.7, 18 கொடுத்தால் 13.2. கடன் விலை ஏற ஏற உங்கள் திட்டம் அழகாகிக்கொண்டே போகிறது! எக்செல்லில் பிழை இல்லை. வட்டி கூடினால் எதிர்காலச் செலவின் இன்றைய மதிப்பு குறையும். குறைந்த தொகையிலிருந்து அதே இறுதித் தொகை வந்ததாகத் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லிப் பார்த்தால் குட்டு உடைகிறது. நான்காம் வருட 15 லட்சத்தை 7.6 சதவீதத்தில் சுருக்கி 11.19 என்று எழுதினால், இன்றைக்கு 11.19 லட்சத்தை ஒதுக்கி வைத்தால் அது 7.6 சதவீதத்தில் வளர்ந்து நான்காம் வருடம் 15 ஆகும் என்று பொருள். வரி போக 7.6 தரும் பத்திரமான டெபாசிட் உங்களுக்கு எங்கே இருக்கிறது? ஒதுக்கி வைக்கும் பணத்துக்குக் கிடைப்பது 4.8-தான். அதையே நிதி வட்டிக்கும் கொடுத்தால் 12.5%.

கடன் வட்டியைப் போடுவது எப்போது நியாயம்? ஏற்கெனவே கடன் வைத்திருக்கிறீர்கள், இன்றைக்கு ஒதுக்கும் பணத்தால் அந்தக் கடனின் ஒரு பகுதியை அடைத்து வட்டி மிச்சம் பிடிக்கிறீர்கள், நான்காம் வருடம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றால் 7.6 சரி. ஓ.டி. வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பாகவே நடக்கும். டெர்ம் லோன் மட்டும் உள்ளவர்களுக்கு நடக்காது. ஒருமுறை அடைத்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

உண்மையில் நீங்கள் இரண்டையும் செய்யப்போவதில்லை என்றே நினைக்கிறேன். மூன்றாம் வருட வசூலிலிருந்து 14.31 லட்சத்தை எடுத்து வைப்பீர்கள், அது 4.8 சதவீதத்தில் ஒரு வருடத்தில் 15 ஆகும். என்ஜின் வேலை முடியும். அப்படியென்றால் மூன்றாம் வருட வரவு 45 அல்ல, 30.69. இன்றைய முதலீடு வெறும் 120. அந்த வழியில் கணக்கிட்டால் 13.1%. எக்செல்லின் MIRR இதைத் தானாகச் செய்யாது. B5-இல் 30.69-ம் B6-இல் 0-ம் நீங்களே போட வேண்டும். போட்டுவிட்டால் நிதி வட்டிக்கே வேலை இல்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் 13.1 நகராது.

12.5, 12.7, 13.1. இவற்றுக்குள் சண்டை பிடிப்பதில் பலனில்லை. எந்த ஏற்பாட்டை வைத்துக் கணக்கிட்டோம் என்று தாளின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

வருடத்துக்குள் கழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் −15 எப்படி வந்தது? வண்டி ஓடிய மாதங்களில் 25 லட்சம் வந்து, பழுது பார்க்க 40 லட்சம் போயிருந்தால் −15. எக்செல்லில் ஒரு நிரலில் −15 என்று போடாமல், 25-ஐ வரவிலும் 40-ஐச் செலவிலும் தனித்தனியாக வைத்துக் கையால் கணக்கிட்டால் 12.7 அல்ல, 12.0 வருகிறது. ஐ.ஆர்.ஆருக்கும், எல்லா வரவு செலவையும் ஒரே வீதத்தில் இன்றைக்குச் சுருக்கிக் கூட்டும் நிகர இன்றைய மதிப்புக்கும் இந்தப் பேதம் கிடையாது; கழித்தாலும் கழிக்காவிட்டாலும் ஒரே விடை. எம்.ஐ.ஆர்.ஆர். வரவையும் செலவையும் இரண்டு வெவ்வேறு வட்டிகளில், எதிரெதிர்த் திசைகளில் நகர்த்துவதால் இந்தப் பேதம் வருகிறது. இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது ஒன்றை நிகரமாகவும் மற்றொன்றைப் பிரித்தும் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு தொந்தரவு பிடித்த எண் எதற்கு, ஐ.ஆர்.ஆரே போதாதா என்று கேட்கலாம். செலவு நடுவிலோ கடைசியிலோ பெரிதாக வரும் திட்டங்களில் ஐ.ஆர்.ஆர். முழுவதுமாகக் கைவிட்டுவிடும். 1955-இல் லோரி, சாவேஜ் என்ற இருவர் காட்டிய எண்ணெய்க் கிணற்றுப் பம்பு உதாரணம் இன்றும் புகழ்பெற்றது. பெரிய பம்பு வாங்க 1,600 டாலர். அதனால் எண்ணெய் சீக்கிரம் வெளியே வந்து முதல் வருடம் 10,000 கூடுதல் வரவு. ஆனால் அதே எண்ணெய் இரண்டாம் வருடம் இருக்காது, அதனால் 10,000 இழப்பு. ஐ.ஆர்.ஆர். இதற்கு 25% என்றும் சொல்லும், 400% என்றும் சொல்லும். இரண்டும் சமன்பாட்டைச் சரியாக நிறைவேற்றுகின்றன. 10 சதவீத வட்டியில் இந்தப் பம்பு உண்மையில் நஷ்டம், நிகர இன்றைய மதிப்பு சுமார் −774 டாலர். இரண்டு வட்டிகளுக்கும் 10 கொடுத்து எம்.ஐ.ஆர்.ஆர். போட்டால் 5.6%, ஒரே விடை. பத்துக்குக் கீழே இருப்பதால் வேண்டாம் என்கிறது. உங்கள் வண்டியில் −15 சிறியது என்பதால் இந்தச் சிக்கல் எழவில்லை. கடைசியில் குழியை மூடி நிலத்தைச் சரிசெய்து கொடுக்க வேண்டிய கல்குவாரியாக இருந்திருந்தால் நிச்சயம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்தப் பம்பில் எம்.ஐ.ஆர்.ஆர். சரியாகத் தீர்ப்புச் சொன்னதற்குக் காரணம், இரண்டு வட்டிகளும் ஒன்றாக, அதுவும் முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வீதத்துக்குச் சமமாக இருந்ததுதான். அப்படி இருக்கும்போது எம்.ஐ.ஆர்.ஆர். அந்த வீதத்தைத் தாண்டுவதும் நிகர இன்றைய மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டுவதும் ஒன்றே. வட்டிகளைப் பிரித்துவிட்டால் இந்த உறுதி போய்விடும். உங்கள் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலின் ஆபத்துக்கு நீங்கள் 12% எதிர்பார்க்கிறீர்கள் என்று வைப்போம். 12 சதவீதத்தில் நிகர இன்றைய மதிப்பு 36.5 லட்சம் லாபம். வாங்கலாம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடப்புக் கணக்கில் பணம் கிடக்கும் நிலைமையில் எம்.ஐ.ஆர்.ஆர். 10.2 வந்தது. பன்னிரண்டுக்குக் கீழே இருக்கிறதே என்று வண்டியை நிராகரித்தால் தவறு. வண்டி சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. பணத்தைத் தூங்க விட்டது நீங்கள். இரண்டு இடத்திலும் 12 கொடுத்தால் 16.7 வரும், அது 12-ஐத் தாண்டுகிறது, நிகர இன்றைய மதிப்போடு ஒத்துப்போகிறது.

எனவே நான் இரண்டு தாள் வைத்துக்கொள்வேன். வாங்கலாமா என்பதற்கு, எதிர்பார்க்கும் வீதத்தில் நிகர இன்றைய மதிப்பு. ஆறு வருடம் கழித்து மொத்தத்தில் எங்கள் பணம் என்ன ஆகியிருக்கும் என்று பங்குதாரர்கள் கேட்டால், உண்மையான வட்டிகளோடு எம்.ஐ.ஆர்.ஆர். இரண்டாவது கேள்விக்கு 23.7 என்று பதில் சொன்னால் ஆறாம் வருடம் கணக்குக் கேட்பார்கள்.

எக்செல் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வரவு இல்லாத வருடத்தில் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், 0 என்று எழுதுங்கள். MIRR காலிக் கட்டத்தை வருடமாகவே எண்ணாது. இன்று 100 போட்டு, அடுத்த வருடம் ஒன்றும் இல்லாமல், அதற்கடுத்த வருடம் 121 வந்தால் விடை 10%. நடுக் கட்டத்தைக் காலியாக விட்டால் அது ஒரே வருடக் கணக்காகி 21% என்று வந்து நிற்கும். பல வருடங்களுக்கு முன் நான் தயாரித்த ஒரு திட்ட அறிக்கையில் இப்படி ஒரு காலிக் கட்டம் இருந்தது. வங்கி அதிகாரி கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து இறுதித் தொகையையும் இன்றைய தொகையையும் பக்கத்தில் தனியாகக் கணக்கிட்டு, ஆறாம் மூலம் எடுத்துச் சரிபார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை. மாத வரவாகப் போட்டால் இரண்டு வட்டிகளும் மாத வட்டியாக இருக்க வேண்டும், வரும் விடையும் மாத வீதம்தான் என்பதும் இதோடு சேர்ந்தது.

கடைசியாக, உங்கள் கணக்கில் வட்டிகளை விட என்னை அதிகம் உறுத்துவது ஆறாம் வருட விற்பனை விலை 20 லட்சம். நிதி வட்டியை 7.6-இலிருந்து 11-க்கு மாற்றினால் விடை 0.2 புள்ளி நகர்கிறது. அந்த 20 லட்சம் வராமல் போனால் 12.7-லிருந்து 11.2-க்கு இறங்குகிறது. ஆறு வருடம் ஓடிய, ஒருமுறை என்ஜின் பிரித்த வண்டி உங்கள் ஊரில் இப்போது என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று இரண்டு புரோக்கர்களிடம் விசாரித்துவிட்டு B8-ஐத் திருத்துங்கள்.